பாப் பரிசோதனைக்கான மாதிரி எடுக்கும் முறை

பாப் பரிசோதனை (பாப் ஸ்மியர்) என்பது கருப்பைக் கழுத்தின் மேற்பரப்பிலிருந்து உயிரணுக்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியில் ஆராயும் சோதனை ஆகும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயையும் அதற்கு முந்தைய மாற்றங்களையும் கண்டறிய இது பயன்படுகிறது. கிரேக்கத்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய ஜியார்ஜ் பாப்பனிகோலாவின் பெயரால் இச்சோதனை வழங்கப்படுகிறது. அவர் எர்பர்ட் டிரவுட்டுடன் இணைந்து 1941-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைக்குப் பின்னர் இது மருத்துவத்தில் பரவலாயிற்று.

நோய் இருந்தும் "இயல்பானது" என்று அறிக்கை வருவது பொய் எதிர்மறை முடிவு எனப்படும். இத்தகைய முடிவுகளில் பெரும்பகுதி ஆய்வகத்தில் தோன்றுவதன்று. மாதிரி எடுக்கும்போதே தோன்றுகிறது. தகட்டில் இல்லாத உயிரணுவை எந்த நுண்ணோக்கியாலும் காண இயலாது. எனவே பயிற்சி மருத்துவர்களும் செவிலியர்களும் ஸ்பெகுலம் என்னும் யோனி விரிப்பானைப் பயன்படுத்தும் முறையைச் சரியாகக் கற்க வேண்டியுள்ளது.

மாதிரி எடுக்க வேண்டிய இடம்

கருப்பைக் கழுத்தின் வெளிப்பகுதியைத் தட்டையான செதிள் உயிரணுக்களும், உட்கால்வாயைத் தூண் வடிவ உயிரணுக்களும் போர்த்தியுள்ளன. இவ்விரண்டும் சந்திக்கும் கோட்டைச் சுற்றியுள்ள பகுதி உருமாற்ற வலயம் எனப்படும். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் பெரும்பாலும் இங்கேயே தொடங்குகின்றன. இளம்பெண்களில் இவ்வலயம் வெளிப்புறத்தில் சிவந்த வட்டமாகத் தெரியும். மாதவிடாய் நின்ற பெண்களில் அது கால்வாயின் உள்ளே சென்று மறைந்துவிடும். ஒரே கருவியால் ஒரே விதமாகச் சுரண்டினால் எல்லா அகவையினருக்கும் சரியான மாதிரி கிடைக்காததற்கு இதுவே காரணம்.

முன்னேற்பாடு

சோதனை மாதவிடாய்க் காலத்தில் செய்யப்படுவதில்லை. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 10 முதல் 20 நாட்களுக்குள் செய்வது சிறந்தது. அதற்கு முந்தைய 24 முதல் 48 மணி நேரம் வரை உடலுறவு, யோனிக்குள் வைக்கும் மருந்துகள், உட்புறம் நீரால் கழுவுதல் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும். இவை மேற்பரப்பு உயிரணுக்களை அகற்றிவிடவோ மறைத்துவிடவோ கூடும்.

தகட்டின் சொரசொரப்பான முனையில் பெயரும் எண்ணும் பென்சிலால் முன்கூட்டியே எழுதப்படுகின்றன. மையால் எழுதினால் பதப்படுத்தும் ஆல்கஹாலில் கரைந்துவிடும். 95 விழுக்காடு எத்தில் ஆல்கஹால் நிறைந்த குப்பியும் திறந்து கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். மாதிரி எடுத்த பின்னர் இவற்றைத் தேடத் தொடங்கினால் அதற்குள் பூச்சு உலர்ந்துவிடும்.

பெண்ணின் வசதியும் கிடத்தும் நிலையும்

என்ன செய்யப்போகிறோம் என்பதை அப்பெண் உடையணிந்து அமர்ந்திருக்கும்போதே கூறி, கருவியைக் காட்டி, ஒப்புதல் பெற வேண்டும். அறைக்கதவு தாழிடப்பட்டிருத்தலும், திரைச்சீலை இருத்தலும், துணைக்குப் பெண் பணியாளர் ஒருவர் நிற்றலும் கட்டாயமாகும். சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொன்னால் அடிவயிற்று அழுத்தத்தால் உண்டாகும் கூச்சமும் வலியும் குறையும்.

பெண் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி விரித்து, இடுப்பை மேசையின் விளிம்பு வரை கொண்டுவர வேண்டும். இடுப்பு விளிம்பிலிருந்து பின்தள்ளி இருந்தால் ஸ்பெகுலத்தின் கைப்பிடி மேசையில் இடித்து, கருவியைக் கீழ்நோக்கிச் சாய்க்க முடியாமல் போகும். கருப்பைக் கழுத்து தென்படாததற்கு இது பொதுவான காரணம். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் வயிற்றுத்தசை தளரும். அவரால் எதிரில் இருப்பவரின் முகத்தையும் பார்க்க முடியும். தொடை முதல் முழங்கால் வரை துணியால் மூடியிருக்க வேண்டும்.

சிற்றூர் முகாம்களில் இதற்கான மேசை இருப்பதில்லை. சாதாரணக் கட்டிலில் இடுப்பின் கீழ் மடித்த போர்வையை வைத்து உயர்த்தி, கைப்பிடி மேல்நோக்கி இருக்குமாறு ஸ்பெகுலத்தைச் செலுத்தலாம். மூட்டுவலியால் கால்களை விரிக்க இயலாத முதியவர்களை இடப்புறம் ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சோதிக்கலாம்.

"இறுக்கமாக இருக்காதீர்கள்" என்று அதட்டுவதால் தசை தளர்வதில்லை. வாயால் மெதுவாக மூச்சை வெளிவிடச் சொல்வதும், இடுப்பை மெத்தையில் அழுத்தச் சொல்வதும் பயனளிக்கும். முதலில் தொடையின் உட்புறத்தைத் தொட்டு, "அம்மா, இப்போது என் கை படும், வலித்தால் சொல்லுங்கள், உடனே நிறுத்திவிடுகிறேன்" என்று கூறிய பின்னரே தொடர வேண்டும். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தியாக வேண்டும். வலியோடு சோதனையை முடித்தவர் அடுத்த முறை வராமல் போகலாம்.

ஸ்பெகுலத்தைச் செலுத்துதல்

கருப்பைக் கழுத்தைக் காண இரண்டு அலகுகள் கொண்ட கஸ்கோ வகை ஸ்பெகுலம் பெரும்பாலும் பயன்படுகிறது. இதன் திருகாணி அலகுகளை விரிந்த நிலையிலேயே நிறுத்திவைப்பதால் ஒரு கை மாதிரி எடுக்க விடுபடுகிறது. குழந்தை பெறாதவர்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் குறுகிய அலகுள்ள அளவு ஏற்றது.

உலோகக் கருவியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சூட்டை அப்பெண்ணின் தொடையில் வைத்து உறுதிசெய்ய வேண்டும். நீரே பெரும்பாலும் போதுமான வழவழப்பைத் தரும். வறட்சி மிகுந்திருந்தால் நீரில் கரையும் களிம்பைக் கீழலகின் வெளிப்புறத்தில் மட்டும் சிறிதளவு தடவலாம். நுனியில் தடவினால் அது தகட்டில் படிந்து உயிரணுக்களை மறைக்கும்.

இதழ்களைப் பிரித்து, அலகுகளை மூடிய நிலையில் சற்றுச் சாய்வாக நுழைத்து, அழுத்தத்தைப் பின்சுவரின் மீது மட்டும் செலுத்த வேண்டும். முன்பக்கத்தில் சிறுநீர்த்தாரை உள்ளது; அங்கு அழுத்தினால் கடும் வலி உண்டாகும். யோனிக்குழாய் கிடைமட்டமாக இல்லாமல் கீழ்முதுகு எலும்பை நோக்கிச் சாய்ந்திருப்பதால், கருவியும் அத்திசையிலேயே முழுவதுமாகச் செல்ல வேண்டும். பின்னர் அலகுகளை மெதுவாக விரித்தால் கருப்பைக் கழுத்து தெரியும்.

தெரியாவிட்டால் அலகுகளை மேலும் விரிப்பது தவறு. சற்றுப் பின்னிழுத்து, நுனியை இன்னும் கீழ்நோக்கித் திருப்பி மீண்டும் செலுத்த வேண்டும். கால்வாயின் வாய் முழு வட்டமாகத் தெரிந்த பிறகே திருகாணியை இறுக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது அலகுகள் கருப்பைக் கழுத்தைக் கடந்த பின்னரே மூடப்பட வேண்டும். இல்லையேல் அவை தசையைக் கவ்விவிடும்.

மாதிரி எடுத்தலும் பதப்படுத்தலும்

எர்னசுட்டு அயர் 1947-இல் அறிமுகப்படுத்திய மரக்கரண்டி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதன் நீண்ட முனையைக் கால்வாயின் வாயில் பொருத்தி, மேற்பரப்போடு உறுதியாக ஒட்டிவைத்து, ஒரு முழுச் சுற்றுச் சுழற்ற வேண்டும். அடுத்து நுண்தூரிகையைக் கால்வாயினுள் செலுத்தி, கால் முதல் அரைச் சுற்று வரை மட்டும் திருப்ப வேண்டும். கூடுதலாகச் சுழற்றினால் இரத்தம் கசியும். தூரிகையால் இரத்தம் வர வாய்ப்புள்ளதால் கரண்டியே முதலில் பயன்படுத்தப்படுகிறது. கருவுற்ற பெண்களுக்கு நுண்தூரிகை பயன்படுத்தப்படுவதில்லை.

கரண்டியின் இருபக்கங்களையும் தகட்டில் ஒரே இழுப்பில் மெல்லிய படலமாகப் பூச வேண்டும். தூரிகையைத் தகட்டின் மீது உருட்ட வேண்டும். தேய்த்தால் உயிரணுக்கள் நசுங்கும். பூசிய கணமே தகட்டை ஆல்கஹாலில் இட்டுக் குறைந்தது 15 நிமிடங்கள் வைத்திருக்க வேண்டும்.

பொதுவான பிழைகள்

உலர்ந்த பூச்சு: பதப்படுத்தத் தாமதமானால் உயிரணுக்கள் காற்றில் உலர்ந்து விரிவடையும், உட்கருவின் நுண்ணமைப்பு மங்கிவிடும். பெரிதாகத் தோன்றும் உட்கரு நோய்மாற்றமா உலர்தலா என்று கூற இயலாது. கோடை வெயிலில் மின்விசிறியின் கீழ் பணிபுரியும்போது இப்பிழை எளிதில் நேரும்.

உருமாற்ற வலயம் தவறுதல்: முழுச் சுற்றுச் சுழற்றாததால் இது நேர்கிறது. கால்வாய் உயிரணுக்களோ உருமாறும் உயிரணுக்களோ தகட்டில் குறைந்தது 10 இருந்தால்தான் அவ்வலயம் மாதிரியில் உள்ளதாக பெதசுடா வகைப்பாடு கொள்கிறது.

மறைக்கப்பட்ட அல்லது போதாத மாதிரி: உயிரணுக்களில் 75 விழுக்காட்டுக்கு மேல் இரத்தத்தாலோ அழற்சி உயிரணுக்களாலோ மறைந்திருந்தால் அந்தத் தகடு ஏற்கப்படுவதில்லை. மிகுந்த சளியைப் பஞ்சால் மெதுவாக ஒற்றியெடுக்கலாம். அழுத்தித் துடைத்தால் தேவையான உயிரணுக்களும் போய்விடும்.

கண்ணில் தெரியும் புண்ணைத் தகட்டிடம் விடுதல்: இதுவே மிகவும் ஆபத்தான பிழையாகும். முற்றிய கட்டியின் மேற்பரப்பில் சிதைந்த திசுவும் இரத்தமும் மட்டுமே இருக்கக்கூடும். ஆகவே அறிக்கையில் புற்றுநோய் தெரியாமல் போகலாம். ஐயத்துக்குரிய வளர்ச்சியைக் கண்டால் பாப் அறிக்கைக்குக் காத்திராமல் திசு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பகுதியில் முந்திரிக்கொட்டை உடைக்கும் 52 அகவைப் பெண் ஒருவர் முகாமுக்கு வருவதாகக் கொள்வோம். மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆன அவருக்கு உடலுறவுக்குப் பின் இரத்தம் கசிகிறது. பயிற்சியாளர் நடுத்தர அளவு ஸ்பெகுலத்தைச் செலுத்துகிறார். வலியால் அப்பெண் இடுப்பைப் பின்னுக்கு இழுக்க, கருப்பைக் கழுத்தின் மேல்விளிம்பு மட்டும் தெரிகிறது. பயிற்சியாளர் தெரிந்த பகுதியை மட்டும் கரண்டியால் சுரண்டி, தகட்டில் பெயர் எழுதி முடித்தபின் ஆல்கஹாலில் இடுகிறார்.

"செதிள் உயிரணுக்கள் குறைவு, காற்றில் உலர்ந்துள்ளன, கால்வாய் உயிரணுக்கள் இல்லை, மாதிரி போதாது" என்று அறிக்கை வருகிறது. இதன் ஒவ்வொரு சொல்லும் ஒரு செயலைச் சுட்டுகிறது. முதலாவது, கருப்பைக் கழுத்து முழுமையாகத் தெரியாததை. இரண்டாவது, பெயரெழுதச் செலவிட்ட நேரத்தை. மூன்றாவது, அகவையால் உள்ளே மறைந்த வலயத்துக்குத் தூரிகை பயன்படுத்தாததை. குறுகிய ஸ்பெகுலமும், இடுப்பை மீண்டும் விளிம்புக்குக் கொண்டுவரச் செலவிடும் ஒரு நிமிடமும் முதற்பிழையைத் தவிர்த்திருக்கும்.

அறிகுறி இல்லாத பெண்ணாயின் சில மாதங்களுக்குள் மாதிரியைத் திரும்ப எடுக்கலாம். இவருக்கோ இரத்தக்கசிவு உள்ளது. எனவே மறுமாதிரிக்குக் காத்திராமல், கருப்பைக் கழுத்தை உருப்பெருக்கிக் காணும் கால்போசுக்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்பப்பட வேண்டும். இதே தகடு "இயல்பானது" என்று வந்திருந்தாலும் அவரை அனுப்பியே ஆக வேண்டும்.

வரம்புகளும் மாற்று முறைகளும்

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைக் கழுத்தில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெண்திட்டுகளைக் கண்ணால் தேடினர். சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. மகாராட்டிரத்தின் உசுமனாபாத் மாவட்டத்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை செய்த மனித பாப்பில்லோமா தீநுண்மிச் சோதனை இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. ஒரே முறை செய்த பாப் பரிசோதனையால் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

உலக சுகாதார அமைப்பு 2021-இல் இத்தீநுண்மிச் சோதனையையே முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்தது. அதற்கான மாதிரியை ஸ்பெகுலம் இன்றிப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம். எனினும் தீநுண்மி கண்டறியப்பட்ட பெண்ணின் கருப்பைக் கழுத்தை நேரில் பார்த்தே அடுத்த முடிவை எடுக்க வேண்டியுள்ளதால், ஸ்பெகுலப் பரிசோதனையின் தேவை நீங்கவில்லை.