விளம்பரத்தில் இருக்கும் ‘டாப்பர்’ அங்கே என்ன படித்தார்?

டியூஷன் நிலையத்தின் சுவரொட்டியில் மாணவர் படங்களையும் மதிப்பெண்களையும் நீங்க பார்த்திருப்பீங்க. இந்தியாவில் ஐஏஎஸ் பயிற்சி மையங்களிடம் இது பெரிய வியாபார உத்தி. டெல்லியின் பழைய ராஜேந்திர நகர், சென்னையின் அண்ணா நகர் என எங்கே போனாலும் டாப்பர் முகங்கள்தான்.

2022ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 933 பேர் தேர்வானார்கள். அவர்களில் 682 பேர் தன்னிடம் படித்தவர்கள் என்று ஒரு மையம் விளம்பரம் செய்தது. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது, அவர்களில் 674 பேர் அங்கே இலவச மாதிரி நேர்காணலுக்கு மட்டும் வந்தவர்கள் என்று தெரிந்தது. மையத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

இது எப்படி நடக்குது? தேர்வுக்கு மூன்று கட்டங்கள்: முதல்நிலை, முதன்மை, நேர்காணல். முதல் இரண்டையும் தாண்டியவரை மையங்கள் இலவச மாதிரி நேர்காணலுக்கு வரவேற்கும். ஒரே ஆள் மூன்று, நான்கு மையங்களுக்குப் போவார். முடிவு வந்ததும் எல்லா மையங்களும் அவர் படத்தைப் போடும். அதை நம்பி நீங்க சேருவதோ, லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் முழு வகுப்பில்!

2024 நவம்பரில் வந்த விதிமுறைகளின்படி, தேர்ச்சி பெற்ற பிறகு அவரிடம் எழுத்துபூர்வச் சம்மதம் வாங்கித்தான் படத்தைப் போட முடியும். தரவரிசை, படித்த பாடத்திட்டம், எவ்வளவு காலம், கட்டணமா இலவசமா என்பதையும் சொல்லணும். ‘100 விழுக்காடு தேர்ச்சி’ என்று உறுதி சொல்லக்கூடாது. ஆக, படத்துக்குக் கீழே பாடத்திட்டத்தின் பெயர் இல்லையென்றால், “இவர் எந்த வகுப்பில் படித்தார்?” என்று நேராகவே கேளுங்க.

அடுத்து, பணம். இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையை 10 நாள்களில் திருப்பித் தரணும் என்கிறது இந்தியக் கல்வி அமைச்சின் 2024 ஜனவரி வழிகாட்டி. உதாரணமாக, 10 மாத வகுப்புக்கு 1,50,000 ரூபாய் கட்டி, 3 மாதத்தில் விலகினால் 1,05,000 ரூபாய் திரும்பணும். ஆனா இது வழிகாட்டிதான். அதை நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில். ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சடிக்கும் வழக்கமும் போகவில்லை.

மையமே மூடிவிட்டால் நிலைமை இன்னும் சிக்கல். 2025 ஜனவரியில், பொறியியல் நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு பெரிய நிறுவனத்தின் பல கிளைகள் வட இந்தியாவில் திடீரென மூடப்பட்டன. சம்பளம் கிடைக்காத ஆசிரியர்கள் விலகியிருந்தார்கள். முன்கூட்டியே முழுப் பணம் கட்டிய பெற்றோர் காவல் நிலையத்துக்கு அலைந்தார்கள்.

இந்தியாவில் உள்ள உங்க சொந்தக்காரர் யாராவது சேரப்போறாங்களா? தவணையில் கட்ட முடியுமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்க. விளம்பரத்தைப் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வைக்கட்டும். புகார் செய்ய, இந்தியாவின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.