வணிக அழைப்புக் கடிதம் (ஷெங்கன் விசா)

வெளிநாட்டு வணிகக் கூட்டாளியைத் தன் நாட்டுக்கு வரவழைக்கும் நிறுவனம், விசா விண்ணப்பத்துடன் இணைப்பதற்காக எழுதித் தரும் கடிதம். வருகையின் நோக்கம், தேதிகள், செலவை ஏற்பவர் ஆகிய மூன்றையும் இது தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நோக்கம்: ஹாம்பர்க் இறக்குமதியாளர் ஒருவர் திருப்பூர் பின்னலாடை நிறுவனத்தின் தர மேலாளரை அழைப்பதாகக் கொள்வோம். 'வணிகப் பேச்சு' என்று மட்டும் எழுதினால் பயணத்தின் தேவை விளங்காது. 'அடுத்த பருவ ஆடை மாதிரிகளைச் சரிபார்த்து, அளவுப் பட்டியலை இறுதி செய்தல்' என்று எழுதி, இரு நிறுவனங்களின் வணிக உறவையும் குறிப்பிட வேண்டும்.

தேதிகள்: மார்ச் 9 முதல் 13 வரை என்றால் தங்கல் 5 நாள், நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். எந்த 180 நாளிலும் மொத்தத் தங்கல் 90 நாளைத் தாண்டக்கூடாது. ஓட்டல் பதிவும் பயணக் காப்பீடும் இந்தத் தேதிகளுடன் பொருந்த வேண்டும்.

செலவு: விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு ஒவ்வொன்றையும் யார் ஏற்கிறார் எனத் தனித்தனியே எழுதுவது நல்லது. தங்கும் செலவை அழைப்பவர் ஏற்பதாகக் கடிதமும், தானே ஏற்பதாகத் திருப்பூர் நிறுவனத்தின் கடிதமும் சொன்னால் முரண்பாடு ஐயத்தை எழுப்பும். ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டத்தின் 66 முதல் 68 வரையிலான பிரிவுகளின்படி பொறுப்புறுதி அளித்தவர், விருந்தினரின் மருத்துவத்துக்கு அரசு செலவிட்டாலும் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும்.