குழந்தைகளின் மடிப்புக் கரப்பான்

முழங்கையின் உட்புறம், முழங்காலின் பின்புறம், கழுத்து, மணிக்கட்டு ஆகிய மடிப்புகளில் தோல் வறண்டு, தடித்து, ஓயாமல் அரிக்கும் நாட்பட்ட தோல் அழற்சி. மருத்துவர்கள் இதை எக்ஸிமா என்பர். கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கன்னத்தில் தொடங்கி, 2 வயதையொட்டி மடிப்புகளுக்கு இடம் மாறும். வெளிர்நிறத் தோலில் சிவந்து தெரிவது கருந்தோலில் சாம்பல் அல்லது அடர்பழுப்பாகத் தெரியும். ஆகவே நிறத்தை நம்புவதைவிட, தடவிப் பார்த்துச் சொரசொரப்பை அறிவதே மேல்.

பிரெஞ்சு மருத்துவர் பெனியே 1892-இல் இந்நோயை ஆஸ்துமாவோடும் தும்மல் நோயோடும் தொடர்புபடுத்தி விவரித்தார். வைஸ், சுல்ஸ்பர்கர் என்னும் அமெரிக்கர் இருவர் 1933-இல் அதற்கு ‘அட்டோபிக் டெர்மடைட்டிஸ்’ என்னும் இன்றைய மருத்துவப் பெயரை அளித்தனர். தமிழகத்தில் சித்த மருத்துவம் கரப்பானை வகை பிரித்துப் பேசுகிறது. கத்தரிக்காய், கருவாடு போன்றவற்றைக் ‘கரப்பான் பண்டம்’ என ஒதுக்கும் வழக்கமும் வீடுகளில் நீடிக்கிறது. உணவு ஒவ்வாமை உறுதியான குழந்தைக்கு அந்த உணவை நிறுத்துவதில் கருத்து வேறுபாடு இல்லை. பொதுவான பத்தியம் பயன் தருமா என்பது ஐயத்திற்குரியது. வளரும் குழந்தைக்கு ஊட்டம் குறையும் என்பது அதற்கெதிரான வாதம்.

வீட்டுப் பராமரிப்பைப் பெரிதும் மாற்றியது 1952. சுல்ஸ்பர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு தோல் அழற்சியை அடக்குவதை அவ்வாண்டில் வெளியிட்டனர். அதற்கு முன் கார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பார்த்தவர்கள் ஏமாந்திருந்தனர். அடுத்த பத்தாண்டில் பன்மடங்கு வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்புகள் வந்தன. தோல் மெலிதல், வரிவரியாகத் தழும்பு விழுதல் போன்ற கேடுகளும் உடன் வந்தன. மடிப்பில் தோலோடு தோல் ஒட்டியிருப்பதால் மருந்து அதிகம் உட்புகும். அக்குள், தொடை இடுக்குகளில் இன்னும் அதிகம். இதனால் எழுந்த அச்சம் எதிர்ப்பக்கமும் போய், பொட்டு வைப்பதுபோல் தொட்டு வைத்துவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று கைவிடும் பழக்கத்தை வளர்த்தது.

‘மெல்லியதாகப் பூசுங்கள்’ என்ற குறிப்பை அளவாக மாற்றியவர்கள் கார்டிஃப் நகரின் லாங்கும் ஃபின்லேயும் (1991). இதற்குத் தராசு வேண்டாம், கரண்டி வேண்டாம். 5 மி.மீ. வாயுள்ள குழாயிலிருந்து, பெரியவரின் ஆள்காட்டி விரலில் நுனி தொடங்கி முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பே ‘விரல்நுனி அளவு’. ஆண் விரலில் அது ஏறத்தாழ 0.5 கிராம், பெண் விரலில் சற்றுக் குறைவு. விரல்களை உள்ளிட்ட பெரியவரின் கை இரண்டு மறைக்கும் பரப்புக்கு அது போதும்.

4 வயதுக் குழந்தைக்கு இரு முழங்கை, இரு முழங்கால் மடிப்புகளிலும் நோய் கிளம்பியிருக்கிறது. ஒவ்வொரு திட்டும் பெரியவரின் கையில் பாதியளவு என்று கொள்வோம். நான்கும் சேர்ந்தால் இரண்டு கை. எனவே ஒரு வேளைக்கு ஒரு விரல்நுனி அளவு. நாளுக்கு இருவேளை பூசச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் சுமார் 6 அல்லது 7 கிராம் செலவாகும். வாரம் கழிந்தும் 15 கிராம் குழாய் அநேகமாக நிறைந்தே இருந்தால், பூசியது போதவில்லை. களிம்பின் வீரியத்தையும் நாட்கணக்கையும் மருத்துவரே முடிவு செய்வார். தோல் மிருதுவாகி அரிப்பு நிற்கும்வரை பூச வேண்டும். பார்வைக்கு மங்கியதுமே நிறுத்தினால் அதே இடத்தில் விரைவில் மீண்டும் கிளம்பும். அடிக்கடி கிளம்பும் குழந்தைகளுக்கு, அடங்கிய பின்னும் வாரத்தில் 2 நாள் மட்டும் பூசும் முறை உண்டு.

வறட்சிக்கான ஈரக்களிம்பின் கணக்கு வேறு. பிரிட்டிஷ் வழிகாட்டல் வாரத்திற்கு 250 முதல் 500 கிராம் வரை என்கிறது. குடும்பச் செலவில் அது கனமான தொகை. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றும் காயுமுன் இதைப் பூசுவது வழக்கம். ஸ்டீராய்டு முதலிலா, ஈரக்களிம்பு முதலிலா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. இடையே சிறிது நேரம் விட வேண்டும் என்று மட்டும் பலர் கூறுவர். குளிநீரில் கலக்கும் எண்ணெய்த் திரவங்கள் கூடுதல் நன்மை தரவில்லை என்று 2018-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

வீட்டு வைத்தியம் போதாத நிலைகள் உண்டு. மஞ்சள் பொருக்கு, நீர்க்கசிவு, திடீர் வலி ஆகியவை பாக்டீரியாத் தொற்றைக் குறிக்கலாம். காய்ச்சலுடன், குத்தி எடுத்ததுபோல் ஒரேயளவான சிறு புண்கள் கூட்டமாகத் தோன்றினால் அது ஹெர்பிஸ் தொற்றாகலாம். அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். படர்தாமரையை எக்ஸிமா என்றெண்ணி ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு தணிந்து படை பரவும்.

தோலின் தடுப்புச் சுவரைக் கட்டும் ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணுக் குறை, சிலருக்கு இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவது 2006-இல் தெரியவந்தது. டாக்ரோலிமஸ் களிம்பு ஸ்டீராய்டு அல்லாத மாற்றாக உள்ளது. கடுமையான நோய்க்கு டுபிலுமாப் ஊசி 2017 முதல் பயன்பாட்டில் உள்ளது. முதலில் பெரியவர்களுக்கும் பின்னர் குழந்தைகளுக்கும் அனுமதிக்கப்பட்டது.