மட்டாஞ்சேரியா, காலியா? பழைய தெருப்படத்தில் நிற்கும் கார் தரும் சாட்சியம்

கொச்சி யூதர்கள் குறித்த கட்டுரைகளிலும் கண்காட்சிகளிலும் மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழைய படங்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. அவற்றுள் பல, நாள் குறிப்பிடப்படாமல் 'புலம்பெயர்வுக்கு முந்தைய காலம்' என்னும் பொதுத் தலைப்புடன் வெளியாகின்றன. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களின் முற்பாதியில் இஸ்ரேலுக்குச் சென்றனர். பரதேசி யூதக் குடும்பங்களில் பல அதன் பின்னும் இங்கேயே தங்கின. ஆகவே ஒரு படம் 1952ஐச் சார்ந்ததா, 1972ஐச் சார்ந்ததா என்பது சிறிய ஐயம் அன்று. முன்னது நிறைந்து வாழ்ந்த சமூகத்தின் தெரு. பின்னது எஞ்சியோரின் தெரு. இரண்டையும் மயங்கக் கொண்டால் அப்படத்தின்மீது எழுப்பப்படும் வாதமே பிழையாகிவிடும்.

கட்டடங்களை மட்டும் கொண்டு இதைத் தீர்க்க இயலாது. ஓட்டுக்கூரை, தடித்த சுவர், மரச்சட்டச் சன்னல் ஆகியவை நூற்றாண்டுக்கணக்கில் மாறாதவை. டச்சுக்காரர் ஆண்ட இலங்கையின் காலியிலும் மலாக்காவிலும் ஏறத்தாழ இதே தோற்றமுள்ள தெருக்கள் உண்டு. மூன்று ஊர்களும் பின்னர் பிரித்தானிய ஆட்சியின் கீழோ செல்வாக்கின் கீழோ இருந்தமையால் மூன்றிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கமே செல்லும். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கமே இருக்கும். எனவே அவ்வடையாளமும் உதவாது. உதவக்கூடியது, சுவரோரம் நிற்கும் காரின் வகை.

இதற்குக் காரணம் ஓர் அரசாணை. 1953இல் இந்திய அரசு, சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாமல் உதிரிபாகங்களைப் பூட்டி விற்ற நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியத் தெருக்களில் புதிதாக இறங்கிய கார்கள் பெரும்பாலும் மூன்று தொழிற்சாலைகளிலிருந்தே வந்தன: உத்தரபாராவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவின் பிரீமியர், சென்னையை அடுத்த வண்டலூரின் ஸ்டாண்டர்ட். அதே காலத்து இலங்கையில் ஆஸ்டின், பெஜோ, ஃபோக்ஸ்வேகன் எனப் பல நாட்டுக் கார்கள் கலந்து நின்றன. 1985 முதல் மலேசியத் தெருக்களில் புரோட்டான் சாகா வந்துவிட்டது. மூடிய சந்தை இந்தியக் கார் வாங்குவோருக்கு இடராக இருந்தது. படத்தை ஆராய்வோருக்கோ அது வாய்ப்பாக அமைந்தது.

எனினும் அம்பாசடரைக் கண்டவுடன் 'இந்தியா' என்று எழுதிவிடக் கூடாது. அதன் மூலவடிவம் பிரித்தானியாவில் 1956 முதல் 1959 வரை உற்பத்தியான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. 1950களின் பிற்பகுதியில் வந்த முதல் அம்பாசடரும் அதுவும் தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும். பிரித்தானியக் கார்கள் இறக்குமதியான காலியில் அந்த ஆக்ஸ்ஃபோர்டு நின்றிருக்கலாம். பிரிவு தோன்றுவது முகப்புக் கிரில்லில்தான். 1963 வாக்கில் வந்த மார்க் 2இல் சிறு கட்டங்கள் நெருங்கிய கிரில் அமைந்தது. 1975இன் மார்க் 3இல் அது கிடைக்கோட்டுப் பட்டைகளாக மாறியது. 1979இன் மார்க் 4இல் கட்டங்கள் பெரிதாகி, சிறு விளக்குகள் செவ்வக வடிவம் பெற்றன. பிரித்தானியாவில் ஆக்ஸ்ஃபோர்டு 1959இலேயே வேறு உடலமைப்புக்கு மாறிவிட்டதால், பழைய உடலில் இந்தப் பிற்காலக் கிரில்கள் இந்தியத் தயாரிப்புக்கே உரியவை.

இதனினும் திட்டவட்டமான சான்று ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பிரித்தானிய டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். 1960களின் பிற்பகுதியில் வண்டலூரில் அதற்கு நான்கு கதவுகள் வைத்தனர். அவ்வடிவம் வேறெந்த நாட்டிலும் உற்பத்தியாகவில்லை. பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் கதவுகளை எண்ணினாலே நாடு தெரிந்துவிடும்.

இப்போது ஒரு படத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். கறுப்பு-வெள்ளை, ஓட்டுக்கூரை வீடுகள், 'யூதத் தெரு, 1950கள்' என்னும் குறிப்பு. முன்னே ஓர் அம்பாசடர், அதன் கிரில்லில் சிறு கட்டங்கள். அதன் பின்னால் நான்கு கதவு ஹெரால்ட். தெருமுனையில் பென்ஸ் நட்சத்திரம் பொறித்த ஒரு லாரி. கிரில் 1963க்குப் பிந்தையது. ஆகவே 1950கள் என்னும் குறிப்பு அங்கேயே வீழ்கிறது. ஹெரால்ட், நாட்டை இந்தியா என உறுதிசெய்து, காலத்தை 1960களின் பிற்பகுதிக்குத் தள்ளுகிறது. லாரியோ நம்மை ஏமாற்றக்கூடியது. டாட்டாவும் டைம்லர்-பென்ஸும் கூட்டாக இயங்கியது 1954 முதல் 1969 வரை, நட்சத்திரம் அக்காலத்தது. அதனால் படம் 1969க்கு முந்தையது என முடிவு கட்டலாமா? கூடாது. 1965இல் வாங்கிய லாரி 1980இலும் மிளகு மூட்டை ஏற்றியிருக்கும்.

முறையின் அடிப்படை விதி இதுவே: வண்டி காலத்தின் தொடக்க எல்லையை மட்டுமே தரும், முடிவெல்லையைத் தராது. படத்தில் உள்ளவற்றுள் மிகப் புதிய வண்டியே கணக்கில் கொள்ளத்தக்கது. பழைய அம்பாசடருக்குப் பணிமனையில் புதிய கிரில் பொருத்தியிருந்தாலும் இவ்விதி கெடாது; காரின் வயதை அது மறைக்கும், ஆனால் அந்த உதிரிபாகம் வந்தபின்பே படம் எடுக்கப்பட்டது என்பது மாறாது. அவ்வாறே, 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 படத்தில் இல்லை என்பதாலேயே படம் அதற்கு முந்தையது ஆகாது. இரண்டே கார்கள் நிற்கும் குறுகிய தெருவில் ஒன்றின் இன்மை எதையும் மெய்ப்பிக்காது.

நம் கற்பனைப் படத்தை 1968 டிசம்பரில் இந்திரா காந்தி கலந்துகொண்ட பரதேசி ஜெப ஆலய நானூறாம் ஆண்டு விழாவோடு இணைக்க ஒருவர் விரும்பலாம். கார்கள் அதை மறுக்கவில்லை, மெய்ப்பிக்கவும் இல்லை. மார்க் 3 கிரில் தென்பட்டிருந்தால் மட்டும் உறுதியாக மறுத்திருக்கலாம்.

இந்தியா என்பதிலிருந்து கொச்சிக்கு இறங்கக் கார் வகை போதாது. எண் தகடு வேண்டும். 1989க்கு முன் எர்ணாகுளம் மாவட்டப் பதிவு கே.எல்.இ., கே.எல்.எஃப். என்றிருந்தது, பின்னர் கே.எல்.-7; மட்டாஞ்சேரிக்குத் தனி எண் வந்தபோது கே.எல்.-43. இலங்கைத் தகடாயின், 1950களின் பிற்பகுதி முதல் எண்களுக்கிடையே இருந்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்தே காட்டிக்கொடுக்கும்; தமிழர் தார் பூசி எதிர்த்த அதே எழுத்து. அண்மைப் பத்தாண்டுகளின் படங்களில் ஆட்டோவின் நிறமும் துணைசெய்யும்: கேரளத்தில் கறுப்பு உடலும் மஞ்சள் கூரையும், தமிழகத்தில் முழு மஞ்சள். நிறமற்ற படத்திலும் இருண்ட உடல், வெளிறிய கூரை என அவ்வேறுபாடு தெரியும்.

இம்முறைக்கு ஒரு காலவரம்பும் உண்டு. மாருதி 800 இலங்கைக்கும் ஏற்றுமதியாகிக் காலித் தெருக்களிலும் ஓடியது. பஜாஜ் ஆட்டோவும் அவ்வாறே. 1980களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய படங்களில் காரின் பெயர் நாட்டைச் சொல்லாது. தகட்டையும் கடைப்பலகையின் எழுத்தையுமே நாட வேண்டும். எனவே ஆவணக் காப்பகங்களில் படங்களைப் பட்டியலிடும் மாணவர்கள், குறிப்பில் 'சுமார் 1950' என்று எழுதுவதற்குப் பதிலாக, '1963க்குப் பின். சான்று: மார்க் 2 கிரில்' என்று எழுதினால், அடுத்து வருபவர் அம்முடிவைச் சரிபார்க்க இயலும்.