ஓய்வூதியக் கோப்பு ஆய்வுக் குழு அமைப்பு ஆணை

ஓய்வூதியக் கோப்பு ஆய்வுக் குழு அமைப்பு ஆணை என்பது, காலதாமதமான ஓய்வூதியக் கருத்துருக்களை ஆராய அலுவலகத் தலைவர் பிறப்பிக்கும் உள் நிருவாக ஆணையாகும். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் இது அரசாணை வகையில் அடங்காது. அலுவலக ஆணையாகவோ செயல்முறைகளாகவோ வெளியிடப்படும்.

அமைப்பு: தலைப்பில் அலுவலகப் பெயர், ந.க.எண், நாள் ஆகியன இடம்பெறும். அடுத்து ‘பொருள்’, ‘பார்வை’, ‘ஆணை’ என்ற பகுதிகள் வரும். கையொப்பத்தின் கீழ் ‘பெறுநர்’, ‘நகல்’ குறிக்கப்படும்.

மாதிரி வாசகம்:
“பொருள்: ஓய்வூதியம் – நிலுவைக் கோப்புகள் – ஆய்வுக் குழு அமைத்தல் – ஆணை வெளியிடப்படுகிறது.
ஆணை: பார்வையில் காணும் அறிக்கையின் அடிப்படையில், நிலுவைக் கோப்புகளை ஆராயக் கீழ்க்காணும் அலுவலர்களைக் கொண்ட குழு இதன்மூலம் அமைக்கப்படுகிறது. குழு, கோப்புவாரியாகத் தாமதக் காரணத்தையும் பொறுப்பான பிரிவையும் குறிப்பிட்டு, 30 நாள்களுக்குள் அறிக்கை அளிக்க வேண்டும்.”

உறுப்பினர்கள் பெயரால் அன்றிப் பதவியால் குறிக்கப்படுவர். எனவே, அலுவலரின் இடமாறுதலுக்குப் பின்னும் ஆணை செல்லுபடியாகும்.

ஆய்வுப் பொருள்: பணிப்பதிவேட்டில் சரிபார்க்கப்படாத பணிக்காலம், ஊதிய நிர்ணயப் பிழை, நிலுவையின்மைச் சான்று இல்லாமை, முடிவுறாத ஒழுங்கு நடவடிக்கை ஆகியன தாமதத்தின் வழக்கமான காரணங்கள். பணிப்பதிவேட்டில் ஓராண்டுப் பணிக்குச் சரிபார்ப்புக் குறிப்பு இல்லையெனில், குழு அவ்வாண்டின் ஊதியப் பட்டியலைக் கொண்டு பணியை உறுதிசெய்யப் பரிந்துரைக்கலாம்.

வரம்பு: குழு பரிந்துரை மட்டுமே செய்யும். கருத்துருவை அலுவலகத் தலைவர் அனுப்புவார். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-இன்கீழ் வரும் அரசு ஊழியர்களுக்கு ஓய்வூதியக் கொடுப்பாணையை மாநிலக் கணக்காயர் அலுவலகம் வழங்கும்.