சாம்பல் மிஞ்சாத சுடர்

சிட்னியின் மேஸ் ஹில் முருகன் கோயிலிலோ, மெல்பேர்ணின் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத்திலோ திரை விலகும் கணத்தில் மணி ஒலிக்கிறது, கற்பூரம் எரிகிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளை "ஏன்?" என்கிறது. நம்மில் பலரிடம் தயாராக ஒரு பதில் உண்டு: தேங்காய் ஓடு ஆணவம், மணி தேவர்களை அழைத்து அசுரரை விரட்டும் ஒலி, கற்பூரம் எச்சமின்றிக் கரையும் ஆன்மா. தவறில்லை. ஆனால் கற்பூரத்துக்கு இன்னொரு கதையும் இருக்கிறது.

பழந்தமிழர் கற்பூரத்தை அறிந்தது முதலில் வாசனைப் பொருளாகத்தான். ஆண்டாள் திருமாலின் வெண்சங்கிடம் விசாரிப்பதும் அதன் மணத்தைப் பற்றியே. அதன் உயர்ந்த வகை சுமாத்திராவின் பாரூஸ் துறைமுகத்திலிருந்து வந்தது. அங்குள்ள காட்டு மரங்களின் உள்வெடிப்புகளில் பளிங்குபோல் படிந்திருக்கும். ஒரு மரத்தில் கிடைக்கும், அடுத்ததில் கிடைக்காது. அந்த அருமையே அதன் விலை. பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த, கி.பி. 1088-ஐச் சேர்ந்த கல்வெட்டு தமிழில் இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனும் வணிகர் குழு, கப்பலில் வருவோர் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்தவேண்டும் என்று அதில் விதித்திருக்கிறது. அத்தகைய சரக்கைத் தட்டுத் தட்டாக எரிப்பது எல்லோருக்கும் இயலாத காரியம்.

இன்று நாம் கொளுத்துவது வேறு பொருள். சீனா, ஜப்பான், தைவான் பகுதிகளில் வளரும் இன்னொரு மரத்தின் சிராய்களை ஆவியில் வேகவைத்து முதலில் பெறப்பட்டது. தைவானைக் கைப்பற்றிய ஜப்பான் 1899-இல் அந்த வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கியது. விலை ஏறியதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பைன் மரத் தைலத்திலிருந்து செயற்கையாகச் செய்யும் முறை தொழிலாக வளர்ந்தது. இன்று கடையில் ஒரு பெட்டி கற்பூரம் சில டொலருக்குக் கிடைப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

தீபம் காட்டுவதன் முதற்பயன் கண்ணுக்குத்தான். சன்னல் இல்லாத கருவறையில் சுடர் மேலெழும்பி இறங்கும்போது திருமுகமும் திருவடியும் ஒவ்வொன்றாகத் தெரியும். அந்தக் கணத்தை வெளியே நிற்பவருக்குச் சொல்வது மணி. மற்றப் பேச்சொலிகளையும் அது மூடிவிடும்.

"எச்சமின்றி" என்பதிலும் பாதிதான் உண்மை. கற்பூரம் உருகாமலேயே ஆவியாகும், திறந்த பெட்டியில் தானாகச் சிறுக்கும், சாம்பல் விடாது. ஆனால் எரியும்போது கரும்புகை விடும், கூரையில் கரி படியும். அதனால்தான் தமிழ்நாட்டிலும் பல கோயில்கள் கருவறைக்குள் நெய்தீபத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. புகை உணரி பொருத்திய இந்நாட்டு மண்டபங்களில் அது இன்னும் பொருந்தும்.

பிள்ளைக்குச் சொல்லவேண்டிய ஒன்றும் உண்டு. கொளுத்தும் கற்பூரத்தை வாயில் போடக்கூடாது. சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். தீர்த்தத்தில் சேர்ப்பது பச்சைக் கற்பூரம். பெயர் ஒன்றானாலும் பெட்டி வேறு.