சாய்வொளியும் மங்கிய எழுத்தும்: தஞ்சை நிழற்படம் முதல் இலக்கவியல் படமுறை வரை

முன்னுரை

கல்வெட்டும் ஓலைச்சுவடியும் பிறப்பில் ஒன்றே. இரண்டிலும் எழுத்து என்பது ஒரு பள்ளம். உளி கல்லைக் குடைகிறது, எழுத்தாணி ஓலையைக் கீறுகிறது. மங்கும் விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. கல்லில் வெட்டிய எழுத்துக்குத் தனி நிறம் இல்லாததால், பள்ளத்தில் விழும் நிழலே அதைக் காட்ட வேண்டும். கல் தேய்ந்து பள்ளம் ஆழமிழந்தால் நிழலும் குறைந்துவிடும். ஓலையிலோ கீறலுக்குள் கரிமை தடவித் துடைப்பது வழக்கம். அந்தக் கரி உதிர்ந்தாலும், ஓலை கரியின் நிறத்துக்குப் பழுப்பேறினாலும் எழுத்து கண்ணுக்குத் தப்பிவிடும்.

நிழல் போனதால் மங்கிய எழுத்தை ஒளியின் திசையாலும், நிறவேறுபாடு போனதால் மங்கிய எழுத்தை நிறமாலையாலும் மீட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஏறத்தாழ 160 ஆண்டு முயற்சிகள் இந்த இரு வழிகளும் தனித்தனியே வளர்ந்ததைக் காட்டுகின்றன. ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தபோதெல்லாம் பிழையான வாசிப்புக்கு வழி ஏற்பட்டது.

1858: தஞ்சையில் கேமரா

சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்டவர் கேப்டன் லினேயஸ் டிரைப். அவர் 1858இல் தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைக் காகித நெகட்டிவ்களில் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக அதை ஆக்கினார். தமிழ்க் கல்வெட்டு ஒன்றை வரி வரியாக ஒளியால் படியெடுத்த தொடக்ககால முயற்சிகளில் இது தலையாயது. ஆனால் அந்தப் பணி நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் செலவைக் காரணம் காட்டி நிழற்படப் பிரிவை நிறுத்தினார்.

டிரைப் காலத்துக் கேமராவுக்கு வெயிலே விளக்கு. சுவர்க் கல்வெட்டைப் பொறுத்தவரை வெயிலுக்கு நேரம் பார்க்க வேண்டும். காலை, மாலை வெயில்தான் கல்வெட்டுக்கு ஏற்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். தளத்தில் பதித்த கல்லுக்கு அது பொருந்தும். நிற்கும் சுவருக்குப் பொருந்தாது. கிழக்குச் சுவரில் காலைக் கதிர் நேர் எதிரே வந்து விழுவதால் பள்ளமும் மேடும் ஒரே வெளிச்சம் பெறும். அதே சுவரில் உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்பு கதிர் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும்போது எழுத்து எழும்பி நிற்கும். தஞ்சை ஏறத்தாழ 10.8 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் கோயிலுக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஆண்டின் பிற மாதங்களில் நண்பகல் வெயில் படாத வடக்குச் சுவர் அப்போது சாய்வொளி பெறும். ஜூன் மாதக் கடைசியில் அந்த ஒளிக்கும் சுவருக்கும் இடையே உள்ள கோணம் ஏறத்தாழ 13 பாகைதான்.

கோணத்தின் பயனை எளிய கணக்கால் காணலாம். 1 மி.மீ. ஆழமுள்ள பள்ளத்தின் விளிம்பு, பரப்போடு 45 பாகையில் வரும் ஒளியில் 1 மி.மீ. நிழலைத் தரும். 10 பாகையில் வந்தால் நிழல் 5 மி.மீ.க்கும் மேல் நீளும். தேய்ந்த எழுத்துக்கு இந்த ஐந்து மடங்குதான் உயிர்.

மைப்படியின் நூற்றாண்டு

1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக ஹூல்ஷ் பொறுப்பேற்றார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியின் முதல் நூல் 1890இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் களப்பணியின் அடிப்படைக் கருவியாக மைப்படி வேரூன்றியது. நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் மேட்டுப்பரப்பு கறுத்து எழுத்து வெள்ளையாக நிற்கும். எழுத்தின் உண்மை அளவிலேயே படி கிடைக்கும். வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம், செலவும் குறைவு. கேமராவை அது பின்தள்ளியதற்கு இவையே காரணம்.

ஆழத்தை மட்டும் மைப்படி சொல்லாது. உளி வெட்டிய பள்ளமும், கல் பெயர்ந்த சில்லும், பாறை வெடிப்பும் தாளில் ஒரே வெள்ளையாகவே தெரியும். குகைத்தளங்களின் கரடுமுரடான பாறையில் இது பெருஞ்சிக்கல். ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு நூலில் மைப்படிகளோடு கையால் எடுத்த வரைபடிகளும் இடம்பெற்றிருப்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். பொரிந்துபோன கல்லில் தாளை அடித்தால் செதில் பெயரும் என்பது இன்னொரு வரம்பு. கல்லில் மாவோ சுண்ணப்பொடியோ தேய்த்துப் படமெடுக்கும் வழக்கமும் பரவியது. அதில் தேய்ப்பவர் எழுத்து என்று நினைத்த கோடு மட்டுமே வெளுக்கும். பிறகு அந்தப் படத்தைக் கொண்டு அவர் வாசிப்பைச் சரிபார்க்க வழியில்லை.

ஒளியைப் பிறகு தேர்ந்தெடுக்கும் முறை

ஒற்றைத் திசைச் சாய்வொளிக்கு ஒரு பிறவிக்குறை உண்டு. ஒளி வரும் திசைக்கு இணையாகக் கிடக்கும் கோடு நிழல் தராது. ‘ப’ என்ற எழுத்தில் நிற்கும் கோடுகள் இரண்டு, கிடக்கும் கோடு ஒன்று. இடப்பக்கம் இருந்து ஒளி விட்டால் அடிக்கோடு மறைந்து இரு தனிக்கோடுகள் நிற்கும். உச்சியிலிருந்து விட்டால் அடிக்கோடு மட்டும் மிஞ்சும். ஆகவே ஒரே படத்தை வைத்துக்கொண்டு ‘இங்கே எழுத்து இல்லை’ என்று சொல்ல முடியாது.

இந்தக் குறையைத் தீர்த்தது 2001இல் எச்.பி. ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறை. கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் வெவ்வேறு திசைகளில் வைத்துப் பல படங்கள் எடுப்பார்கள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஒளித்திசைக்கேற்ப எப்படி மாறுகிறது என்பதை ஆறு கெழுக்கள் கொண்ட ஒரு சமன்பாட்டில் கணினி அடக்கிவிடும். பிறகு திரையில் விளக்கை எந்தப் பக்கமும் நகர்த்திப் பார்க்கலாம். இதுவே இன்று ஆர்.டி.ஐ. எனப்படும் படமுறைக்கு அடிப்படை. படச்சட்டத்துக்குள் ஒரு பளபளப்பான கறுப்புக் கோளத்தை வைத்து, அதில் தெரியும் ஒளிப்புள்ளியிலிருந்து விளக்கின் திசையைக் கணக்கிடும் உத்தி பின்னர் வந்தது. விலையுயர்ந்த விளக்குக்கூண்டு இல்லாமலே களத்தில் வேலை செய்ய அது வழிவகுத்தது.

1 மீட்டர் உயரமும் 70 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு நடுகல்லை எடுத்துக்கொள்வோம். அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 1.2 மீட்டர். விளக்கு அதைப்போல் இரு மடங்குக்குக் குறையாத தொலைவில், அதாவது 2.4 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். கிட்டே வந்தால் கல்லின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்துவிடும். விளக்கில் ஒரு நூலைக் கட்டி, ஒவ்வொரு முறையும் கல்லின் நடுவரை இழுத்துப் பார்த்துத் தொலைவு மாறாமல் வைத்துக்கொள்வார்கள். படச்சட்டம் 1.2 மீட்டர் அகலத்தை 6000 புள்ளிகளில் பிடித்தால், 5 செ.மீ. கோளம் 250 புள்ளி அகலம் பெறும். கணக்கீட்டுக்கு அது போதும். கல்லின் இருபுறமும் ஒவ்வொரு கோளத்தை நிறுத்தி, 15 பாகை முதல் 65 பாகை வரையுள்ள கோணங்களில் ஏறத்தாழ 40 படங்கள் எடுப்பார்கள். சுற்றுவெளிச்சம் கலக்காதபடி அந்தி சாய்ந்தபின் வேலை செய்வது நல்லது. மண்ணில் நட்ட கல்லாதலால் கீழ்ப்பக்கத்து ஒளி கிடைக்காது. ஆகவே கிடக்கும் கோடுகளுக்கு மேற்புற ஒளியையே நம்ப வேண்டியிருக்கும்.

கருங்கல்லில் கலந்துள்ள கறுப்பு வெள்ளைப் படிகப் பொட்டுகள்தான் இங்கே முதல் எதிரி. நேர்வெளிச்சத்தில் எடுத்த படத்தின் ஒளிவேறுபாட்டைக் கூட்டினால் எழுத்துக்கு முன்னே அந்தப் பொட்டுகள் துள்ளி எழும். ஆர்.டி.ஐ. பார்வையில் நிறத்தை நீக்கிவிட்டு, பரப்பின் சாய்வை மட்டும் பளபளப்பாகக் காட்டும் நிலை ஒன்று உண்டு. அதில் பொட்டுகளும் பாசிக்கறையும் அடங்கிப்போய்ப் பள்ளம் மட்டும் நிற்கும். உளிப் பள்ளமா, வெடிப்பா என்ற கேள்விக்கும் இங்கே விடை தேடலாம். வெட்டிய கோட்டின் இரு கரைகளும் ஒளியை நகர்த்தும்போது முறை மாறி மின்னும். பெயர்ந்த சில்லின் சரிவோ பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் ஒளிரும்.

ஓலைக்கு வேறு வழி

ஓலையில் முதலில் கேட்க வேண்டியது, கீறலுக்குள் கரி இருக்கிறதா என்பதுதான். கரி இருந்து ஓலை கறுத்திருந்தால் அண்மை அகச்சிவப்பு உதவும். கரி அந்த ஒளியையும் விழுங்குகிறது. பழுத்த ஓலையோ அதைத் திருப்பி அனுப்புகிறது. 2000களின் நடுவில் மத்வரின் சர்வமூல கிரந்த ஏடுகளை அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த முகுந்தும் ராஜர் ஈஸ்டனும் அகச்சிவப்புப் படங்களாகப் பதிவு செய்தார்கள். அடிப்படை வேதியியல் ஒன்றே என்பதால் தமிழ் ஏடுகளுக்கும் அது பொருந்தும்.

மை போடாத ஏட்டில் அகச்சிவப்பால் பயனில்லை. அங்கே கல்லின் வழியான சாய்வொளிக்குத்தான் திரும்ப வேண்டும். ஆனால் ஓலையில் நரம்புகள் நீளவாக்கில் ஓடுகின்றன. மேற்பக்க ஒளியில் ஒவ்வொரு நரம்பும் ஒரு கோடாக எழுந்து எழுத்தை மூடும். ஆகவே ஏட்டின் இரு குறுகிய முனைகளிலிருந்தும் தனித்தனியே, நரம்புக்கு இணையாக, 15 பாகை அளவில் ஒளி விட்டு இரு படங்கள் எடுக்க வேண்டும். இதில் இழக்கும் கிடைக்கோடுகளைக் குறுக்குச்சாய்வில் எடுத்த மூன்றாவது படம் மீட்டுத் தரும்.

கறை படிந்த ஏட்டுக்கு ஒரு எளிய கணக்கு கைகொடுக்கிறது. இடமுனை ஒளியில் எடுத்த படம் L, வலமுனை ஒளியில் எடுத்தது R என்றால்:

```
(L − R) / (L + R)
```

கறையில்லாத இடத்தில் கீறலின் ஒரு கரை L படத்தில் 120, R படத்தில் 80 என்று பதிவாவதாகக் கொள்வோம். விடை 0.2. கறை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்த இடத்தில் அதே கரை 60, 40 என்று பதிவாகும். அங்கும் விடை 0.2தான். கறை கழிந்து கீறலின் வடிவம் நிற்கிறது. கேமரா திருத்தம் எதுவும் செய்யாத மூலக்கோப்புகளில் மட்டுமே இது சரியாக வரும். ஒளியே எட்டாத ஆழ்நிழலில் கணக்கு பொய்க்கும்.

இதற்குப் பிறகே வட்டார ஒளிவேறுபாட்டைக் கூட்டும் முறைக்கு இடம். ImageJ மென்பொருளின் Fiji தொகுப்பில் Enhance Local Contrast (CLAHE) என்ற கட்டளை அதைச் செய்யும். அதிலுள்ள Maximum slope மதிப்பு 3ஐத் தாண்டினால் ஓலையின் சொரசொரப்பும் எழுத்துபோல் எழும். ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதுவதே பெருவழக்கு. ஆனால் மிகையாகக் கூட்டிய படத்தில் பூச்சி அரித்த துளையும் தூசும் கரும்பொட்டாகி, எழுத்தின் தலையில் புள்ளியாக உட்கார்ந்துவிடும். ‘தன’ என்பது ‘தன்’ ஆகி, பாடமே மாறிப்போகும். ஐயம் வரும்போது ஏட்டுக்குப் பின்னாலிருந்து ஒளி விட்டுப் பார்க்கலாம். துளையானால் வெளிச்சம் ஊடுருவும்.

முடிவுரை

டிரைப் தம் படத்துக்கான ஒளியைப் படமெடுக்கும் வேளையிலேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மைப்படி ஒளியையே விலக்கி வைத்தது. இன்றைய முறை ஒளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாசிப்பவருக்கு அளிக்கிறது. அந்த உரிமை அடுத்தவருக்கும் கிடைக்க வேண்டுமானால், மெருகேற்றிய ஒரு படத்தை மட்டும் வெளியிடும் வழக்கத்தை ஆய்வாளர்கள் கைவிட வேண்டும். பாடத்தோடு திருத்தாத மூலப்படங்களையும், ஒவ்வொன்றுக்கும் ஒளி வந்த திசையையும், செய்த திருத்தங்களின் வரிசையையும் சேர்த்துத் தர வேண்டும். இவை இல்லாமல் வெளிவரும் புதிய பாடத்தை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது.